சித்தியும் பச்சைப் புடவையும்

அன்புள்ள மேடம்,

கோவையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 28. எங்கள் ஞாயிறு ஷட்டில் குழுவில் ஒரு பெண். சில மாதங்களாக வாட்ஸப்பில் பேசிக்கொள்கிறோம். கேலியும் கிண்டலும் இரண்டு பக்கமும் உண்டு. நேற்று இரவு, தோழியின் கல்யாணத்தில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். பச்சைப் பட்டுப்புடவை. நான் 'அப்படியே எங்க சித்தி மாதிரி இருக்கீங்க' என்று அனுப்பிவிட்டேன். பாராட்டாகத்தான் சொன்னேன், கொஞ்சம் கிண்டலும் கலந்து. அது அவருக்குப் புரியவில்லையா? 'ஓ! நன்றி' என்று ஒரு சிரிப்பு முகத்தோடு பதில் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. அழித்துவிடலாமா, மன்னிப்புக் கேட்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா? அழகாகப் பேசத் தமிழே தோதில்லையோ என்றும் தோன்றுகிறது. நான் எழுதி வைத்திருப்பது இது, இன்னும் அனுப்பவில்லை:

'சாரிங்க, தப்பா எடுத்துக்காதீங்க. நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. சித்தின்னு சொன்னது வயசை வச்சு இல்ல. எங்க சித்தி ரொம்ப அழகு, ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. எனக்குப் பேசவே தெரியாது, நான் ஒரு லூசு. கோபமா இருக்கீங்களா? ப்ளீஸ், ஏதாவது சொல்லுங்க.'

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நானும் மூன்று பேருக்குச் சித்தி என்பதால் முதலில் சிரித்துவிட்டேன். கடைசிப் பத்தியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. போன வாரம்தான் அக்கா மகள் தன் போனை நீட்டி, "சித்தி, இதுக்கு நான் என்ன பதில் போடறது?" என்று கேட்டாள். யாரோ ஒரு பையன் அசடு வழிந்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருந்தான். அசடு ஒரே வரிதான். மன்னிப்பு தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அந்த வரியை அவள் மறந்தே போயிருந்தாள், மன்னிப்புதான் அவளைக் கலவரப்படுத்தியிருந்தது. அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

அழிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவர் படித்துப் பதிலும் போட்டுவிட்டார். இனி அழித்தால் அந்த இடத்தில் மெசேஜ் அழிக்கப்பட்டது என்ற அறிவிப்புதான் நிற்கும். அது சித்தியைவிட மோசம். அனுப்பியதைத் திருத்தும் வசதி 2023ல் வந்தது, அதற்கும் 15 நிமிடம்தான் கெடு. தமிழ் தோதில்லை என்பதற்கு நான் பதில் சொல்வதாக இல்லை. பச்சை நல்லா இருக்குன்னு சொல்ல எந்த மொழியிலும் இலக்கணம் தேவைப்படாது.

கிண்டல் அவருக்கு ஏன் புரியவில்லை என்கிறீர்கள். எப்படிப் புரியும்? அனுப்பும்போது உங்கள் குரல் உங்கள் காதில் கேட்டது, அவருக்கு எழுத்து மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. ஜஸ்டின் குருகர், நிகோலஸ் எப்லி முதலானோர் 2005ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் சில வாக்கியங்களைக் கேலியாகவும் சிலவற்றை நிஜமாகவும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், எது எது என்று பெறுபவர் சொல்ல வேண்டும். 100க்கு 78 சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். புரிந்தது சுமார் 56. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலே 50 வந்திருக்கும். ஆகவே அந்தப் பெண்ணுக்கு நகைச்சுவை உணர்வு இல்லையோ என்ற சந்தேகத்தை எடுத்துவிடுங்கள். நேரில், கண்ணில் சிரிப்போடு சொல்லியிருந்தால் சித்திகூடத் தேறியிருப்பாள்.

சரி, உங்கள் வரைவுக்கு வருகிறேன். கோபமாகத்தான் வருகிறேன்.

'தப்பா எடுத்துக்காதீங்க.' அசடு வழிந்தது நீங்கள், ஆனால் இந்த வரி தப்பை அவர் எடுத்துக்கொண்ட விதத்தில் வைக்கிறது. 'நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல.' எப்படிப்பட்ட ஆள்? அதுவரை அவருக்குத் தோன்றாத ஒருத்தனை நீங்களே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறீர்கள். 'வயசை வச்சு இல்ல.' வயது என்ற பேச்சு அந்த உரையாடலில் முதல்முறையாக இப்போதுதான் வருகிறது. அப்புறம் சித்தியின் அழகுக்கு ஊரே சாட்சி. அந்தச் சித்தியை விடவே மாட்டீர்களா? போகட்டும், இதெல்லாம் பதற்றம், மன்னித்துவிடலாம்.

'நான் ஒரு லூசு' என்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இதைப் படிக்கும் பெண் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? 'அய்யோ, அப்படியெல்லாம் இல்லைங்க, நீங்க நல்லாதான் பேசுறீங்க' என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவர் கல்நெஞ்சக்காரி. எழுதினால் ஓர் அசட்டு மெசேஜை வாங்கிக்கொண்டதோடு, அதை அனுப்பியவரையும் தேற்றியாக வேண்டும். இதை நீங்கள் பணிவு என்று நினைக்கிறீர்கள். இது வேலை வாங்குவது, தம்பி. கேட்காமலே வாங்குவது.

எண்பதுகளின் கடைசியில் நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தேன். கடிதங்களை வார்டன் பிரித்துப் படித்த பிறகுதான் தருவார். அதனால் பையன்கள் அனுப்புநர் இடத்தில் பெண் பெயர் போட்டு எழுதுவார்கள். எனக்கு ஒரு 'கலைச்செல்வி' எழுதுவாள். கலைச்செல்வியின் வீட்டார் ரைஸ்மில் வைத்திருந்தார்கள். ஒருமுறை அவள், 'உன் சிரிப்பைக் கேட்டால் எங்கள் மில் ஓடுவதுபோல் இருக்கிறது' என்று எழுதிவிட்டாள். விடுதியே ஒரு வாரம் என்னை மில் என்று கூப்பிட்டது. நான் பதில் போடவில்லை. கோபம் பாதி, என்ன எழுதுவது என்று தெரியாதது பாதி. அடுத்த இன்லண்ட் லெட்டர் வந்தது. வழக்கமான ஊர்க்கதையெல்லாம் இருந்தது. நடுவில் ஒரே வரி: 'சிரிப்பைப் பற்றி எழுதியவளை மில்லிலிருந்து நீக்கிவிட்டோம், எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும் என்பதுதான் செய்தி.' அடுத்த வரியில் அவள் ஊர்த் திருவிழா தொடங்கிவிட்டது.

மன்னித்தாயா என்று அதில் கேள்வி இல்லை. எனக்கு எழுதத் தெரியாது என்ற ஒப்பாரியும் இல்லை. எதில் சறுக்கினாள் என்பதைச் சரியாகத் தொட்டுவிட்டு, சொல்ல வந்ததை ஒரே ஒருமுறை நேராகச் சொல்லிவிட்டு, நான் பதில் போட வசதியாகத் திருவிழாவையும் கொடுத்துவிட்டுப் போனாள். நான் திருவிழாவைப் பற்றி எழுதினேன். (இல்லை, கலைச்செல்வியைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லோரும் அடுத்து அதைத்தான் கேட்கிறார்கள்.)

அதே வருஷம் இன்னொருவர், இதைவிடச் சின்ன அசட்டுக்கு, நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று நாலு பக்கம் எழுதினார். பரீட்சைக்கு முந்தின இரவு. படிப்பை விட்டுவிட்டு அவர் லாயக்கானவர்தான் என்று நான் ஆறு பக்கம் எழுதினேன். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது அந்த ஆறு பக்கத்தை நினைத்துத்தான். தன்னைத் தானே திட்டிக்கொள்கிறவர்கள் எதிரில் இருப்பவருக்குத் திட்டும் உரிமையைக்கூட மிச்சம் வைப்பதில்லை.

ஏன் இத்தனை சொல்கிறேன் என்றால், தன்னைக் கேலி செய்துகொள்வதும் தன்னைத் தாழ்த்திக்கொள்வதும் உங்கள் வரைவில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. எலியட் ஆரன்சன் 1966ல் செய்த ஒரு சோதனை உண்டு. வினாடிவினாவில் 92 சதவீதம் சரியாகச் சொன்ன ஒருவர் கடைசியில் காப்பியைத் தன்மேலேயே கொட்டிக்கொள்கிறார். ஒலிப்பதிவில் அதைக் கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. 30 சதவீதம் மட்டும் சொன்னவர் கொட்டிக்கொண்டபோது அவர்மேல் இருந்த பிரியம் குறைந்துவிட்டது. நல்ல ஆட்டக்காரர், நல்ல பேச்சுத்துணை என்று சில மாதமாக உங்களை அவருக்குத் தெரியும். இப்போது கொட்டியது ஒரு டம்ளர் காப்பி. எனக்குப் பேசவே தெரியாது என்று எழுதினால் 92ஐ நீங்களே 30 ஆக்குகிறீர்கள்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

'நேத்து உங்க புடவையைப் பாராட்ட வந்து எங்க சித்தியைப் பாராட்டிட்டுப் போயிட்டேன். சொல்ல வந்தது, அந்தப் பச்சை உங்களுக்கு நல்லா இருந்துச்சு. கல்யாணச் சாப்பாட்டுல பாயசம் உண்டா இல்லையான்னு குழுவுக்குத் தெரிஞ்சாகணும்.'

அவ்வளவுதான். கேலி உங்கள்மேல் மட்டும் இருக்கிறது. பாராட்டு முதலில் அனுப்பியதைவிடச் சின்னது. பதற்றத்தில் எல்லோரும் அதைப் பெரிதாக்குவார்கள், அங்கேதான் இரண்டாவது சறுக்கல் நடக்கும். 'அழகா இருந்தீங்க' என்று ஏற்றாதீர்கள், பச்சையோடு நில்லுங்கள். கேள்வி பாயசத்தைப் பற்றி மட்டும். பதில் சொல்லாமல் விட்டாலும் பாயசம் கோபித்துக்கொள்ளாது.

இன்று பகலில் அனுப்புங்கள், சாப்பாட்டு நேரம் நல்லது. இரவு பதினொன்றுக்கு வரும் நகைச்சுவையில் தூக்கமில்லாத மனிதர் தெரிவார். நாலைந்து நாள் தள்ளிவிட்டால் அத்தனை நாளும் இதையே நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று ஆகிவிடும், அப்புறம் விட்டுவிடுவதே மேல். ஆடியோ அனுப்ப வேண்டாம். ஜிஃப் பற்றி நல்லவேளையாக நீங்கள் கேட்கவில்லை.

ஒரு எல்லை உண்டு. உங்களுடையது சறுக்கல், அதனால்தான் சிரித்துப் பேசுகிறேன். இதே ஸ்டேட்டஸுக்கு நீங்கள் அவர் உடம்பைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தாலோ, அவர் உங்களுக்குக் கீழே வேலை செய்பவராக இருந்தாலோ, ஏற்கெனவே ஒருமுறை பேச்சை மாற்றியிருந்தாலோ இந்த வேடிக்கை வரியைத் தொடவே கூடாது. அங்கே வேடிக்கையாகப் பேசுவது, நீயும் சிரித்துவிடு என்று நெருக்குவது. அதற்கு, 'நேற்று நான் அனுப்பியது சரியில்லை, மன்னிக்கவும், இனி வராது' என்று காரணமோ சிரிப்பு முகமோ இல்லாமல் எழுதிவிட்டு ஒதுங்க வேண்டும்.

உங்களுக்கு வரக்கூடிய பதில்களைச் சொல்லிவிடுகிறேன். 'சித்தி சௌக்கியமா?' என்று அவர் சீண்டினால் எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் சித்தியை வைத்து மேலும் நாலு ஜோக் அடிக்காதீர்கள், அந்த ஜோக் இனி அவருடையது. பாயசத்துக்கு மட்டும் பதில் வந்தால் பாயசத்தைப் பேசுங்கள், சித்தி கதை மூடப்பட்டுவிட்டது என்று அர்த்தம். வெறும் சிரிப்பு முகம் வந்தால் விட்டுவிட்டு, அவராக ஏதாவது அனுப்புகிறாரா என்று ஒரு வாரம் பாருங்கள். நீல டிக் விழுந்து ஒன்றுமே வராவிட்டால் மூன்றாவது மெசேஜ் கிடையாது. 'பார்த்தீங்களா?', 'பிஸியா?' எதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். அவர் எடுத்தால் சிரியுங்கள். எடுக்காவிட்டால் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆடுங்கள், வேண்டுமென்றே தோற்காமல்.

அன்புடன்.