போன வருடத்தோடு ஒப்பிட்டால் 4 சதவீதம் உயர்வு… அது நாள்காட்டி தந்த உயர்வா?

கேள்வி: மதுரையில் நான்கு கிளைகள் உள்ள சைவ உணவகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி காலை, முடிந்த மாத விற்பனையையும் போன வருடம் அதே மாத விற்பனையையும் ஒப்பிட்டு முதலாளிக்குத் தானாகவே மெயில் போகும்படி எக்செல்லில் அமைத்திருக்கிறேன். 2024 மார்ச்சில் 4 சதவீதம் உயர்வு, 2025 பிப்ரவரியில் 3 சதவீதம் சரிவு என்று காட்டியது. இரண்டு முறையும் கடையில் கூட்டம் வழக்கம்போலத்தான் இருந்தது. லீப் வருடம்தான் காரணம் என்றால், மொத்தத்தை நாள் எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் போதுமா? நண்பர் ஒருவர் 364 நாள் பின்னால் போய் ஒப்பிடச் சொல்கிறார். எது சரி?

பதில்: வகுத்தால் போதாது. 364 நல்ல வழிதான், ஆனால் மாத ரிப்போர்ட்டுக்கு அல்ல. ஏன் என்று உங்கள் கடையை வைத்தே பார்ப்போம். உணவகம் என்பதால் கிழமைக்குக் கிழமை விற்பனை மாறும். கணக்குக்காக, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 1 லட்சம் ரூபாய், சனிக்கிழமை 1.5 லட்சம், ஞாயிறு 2 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் வாரத்துக்கு 8.5 லட்சம். மூன்று வருடமும் இது ஒரு ரூபாய்கூட மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

2025 பிப்ரவரிக்கு 28 நாள், அதாவது சரியாக நான்கு வாரம். விற்பனை 34 லட்சம். 2024 பிப்ரவரியில் 29-ஆம் தேதி வியாழக்கிழமை கூடுதலாக வந்தது, அதனால் 35 லட்சம். ஒப்பிட்டால் 2.9 சதவீதச் சரிவு. நீங்கள் பார்த்த 3 பெரும்பாலும் இதுதான்.

இப்போது நாள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2024-இல் நாள் சராசரி 1,20,690 ரூபாய், 2025-இல் 1,21,429 ரூபாய். சரிவு மறைந்துவிட்டது, ஆனால் அந்த இடத்தில் 0.6 சதவீத வளர்ச்சி முளைத்திருக்கிறது. கடையில் எதுவும் மாறவில்லை என்று நாமே வைத்துக்கொண்ட கணக்கில் இது எங்கிருந்து வந்தது? கூடுதலாக வந்த நாள் வியாழன். அது சராசரிக்கும் கீழான நாள். அது சேர்ந்ததால் 2024-இன் சராசரி இறங்கியது, 2025-இன் சராசரி உயர்ந்ததுபோல் தெரிகிறது.

மார்ச் மாதத்தில் வகுத்தல் எதையுமே சரிசெய்யாது. 2023 மார்ச்சுக்கும் 31 நாள், 2024 மார்ச்சுக்கும் 31 நாள். ஆனால் 31 நாள் மாதத்தில் மூன்று கிழமைகள் ஐந்து முறை வரும். அவை எவை என்பதுதான் விஷயம். சாதாரணமாக ஒரே தேதி அடுத்த வருடம் ஒரு கிழமை தள்ளி வரும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். 2023 மார்ச் 1 புதன், 2024 மார்ச் 1 வெள்ளி. எனவே 2023 மார்ச்சில் புதன், வியாழன், வெள்ளி ஐந்து முறை வந்தன. 2024 மார்ச்சில் வெள்ளி, சனி, ஞாயிறு. விற்பனை 37 லட்சத்திலிருந்து 38.5 லட்சமாகிறது, 4.1 சதவீத உயர்வு. லீப் வருடத்தின் பாதிப்பு பிப்ரவரியோடு முடிந்துவிடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த பிப்ரவரி வரைக்கும் எல்லா மாதத்திலும் இந்த இரட்டைத் தாவல் இருக்கும்.

இனி நண்பர் சொன்ன 364. அது 52 வாரம், ஆகவே சனிக்கிழமை சனிக்கிழமையோடுதான் சேரும். தினசரி ரிப்போர்ட்டுக்கும் வார ரிப்போர்ட்டுக்கும் நானும் இதைத்தான் சொல்வேன். மாதத்துக்கு வைத்தால், 2025 பிப்ரவரி 1 முதல் 28 வரை என்பது 2024 பிப்ரவரி 3 முதல் மார்ச் 1 வரையோடு ஒப்பிடப்படும். மாதத் தொடக்கத்தில் சம்பளம் வந்த கையோடு குடும்பமாகச் சாப்பிட வருகிற இரண்டு நாள் போய்விடுகிறது, அடுத்த மாதத்தின் முதல் நாள் உள்ளே வருகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, அந்தத் தொகை உங்கள் ஜிஎஸ்டி கணக்கோடும் பேரேட்டோடும் ஒத்துப்போகாது. ஆடிட்டர் கேட்டால் பதில் சொல்லி மாளாது.

என் யோசனை: மாத மொத்தத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே இரண்டு வரி சேருங்கள். ஒன்று நாள்காட்டி விளைவு, மற்றொன்று மீதி. போன வருடத்தின் கிழமைச் சராசரிகளை எடுத்து, இந்த வருடம் அந்த மாதத்தில் ஒவ்வொரு கிழமையும் எத்தனை முறை வருகிறதோ அதனால் பெருக்கிக் கூட்டினால் "எதிர்பார்ப்பு" கிடைக்கும். போன வருட மொத்தத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசம் நாள்காட்டி விளைவு. எதிர்பார்ப்புக்கும் இந்த வருட உண்மை விற்பனைக்கும் உள்ள வித்தியாசம் மீதி. கடையின் நிலவரத்தைச் சொல்வது இந்த மீதிதான்.

2024 மார்ச்சில் உண்மையில் 37.73 லட்சம்தான் விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட் 37-இலிருந்து 2 சதவீத உயர்வு என்று சொல்லும். முதலாளியும் சந்தோஷப்படுவார். எதிர்பார்ப்பு 38.5 லட்சம் என்பதால், மீதி வரியில் 2 சதவீதச் சரிவு வரும். கூடுதலாக ஒரு சனியும் ஞாயிறும் கிடைத்தும் கடை அவ்வளவுக்கு விற்கவில்லை என்பதே அதன் அர்த்தம்.

கிழமைகளை எண்ண எக்செல்லில் இது போதும். ஏழு எழுத்துகள் திங்கள் முதல் ஞாயிறு வரை. எண்ண வேண்டிய கிழமைக்கு மட்டும் 0 போடுங்கள். கீழே இருப்பது ஞாயிறுகளை எண்ணுகிறது, விடை 5:

```
=NETWORKDAYS.INTL(DATE(2024,3,1),DATE(2024,3,31),"1111110")
```

ஏழு கிழமைக்கும் சராசரி B2:B8-இலும், எண்ணிக்கை C2:C8-இலும் இருந்தால் எதிர்பார்ப்பு:

```
=SUMPRODUCT(B2:B8,C2:C8)
```

சராசரியை எதிலிருந்து எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். போன வருடம் அதே மாதத்தை மட்டும் எடுத்தால் ஒரு கிழமைக்கு நான்கு அல்லது ஐந்து நாள்தான் கிடைக்கும். அதில் ஒரு நாள் அடைமழை பெய்திருந்தாலே அந்தக் கிழமை கெட்டுவிடும். ஆகவே முந்தின மாதத்தையும் பிந்தின மாதத்தையும் சேர்த்து எடுங்கள். பண்டிகை நாள்களையும் கடை மூடியிருந்த நாள்களையும் நீக்கிவிடுங்கள். இப்படி எடுத்த சராசரியைப் போன வருடத்தின் எண்ணிக்கையால் பெருக்கினால் போன வருட மொத்தம் அச்சாக வராது. எனவே விளைவைச் சதவீதமாகக் கணக்கிட்டு (இந்த வருட எண்ணிக்கையால் வந்த தொகை ÷ போன வருட எண்ணிக்கையால் வந்த தொகை), அதைப் போன வருட மொத்தத்தின்மேல் ஏற்றுங்கள்.

பண்டிகைகளுக்கு இந்த முறை கைகொடுக்காது. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, ஞாயிறு. 2024-இல் அக்டோபர் 31, வியாழன். 2025-இல் அக்டோபர் 20, திங்கள். 2024 நவம்பரை 2023 நவம்பரோடு ஒப்பிட்டு என்ன தெரிந்துகொள்ள முடியும்? ஒவ்வொரு வருடமும் அக்டோபர், நவம்பர் இரண்டையும் சேர்த்து ஒரே வரியாகக் காட்டுவதுதான் நியாயம். பொங்கல் ஒரு நாளுக்குமேல் நகராது என்றாலும் 364 அதையும் தவறவிடும். 2025 பொங்கல் ஜனவரி 14, செவ்வாய். 364 நாள் பின்னால் போனால் 2024 ஜனவரி 16, அதுவும் செவ்வாய்தான், ஆனால் அந்த வருடப் பொங்கல் 15-ஆம் தேதி. தினசரி ரிப்போர்ட்டில் பண்டிகைத் தேதிகளுக்கு ஒரு சின்னப் பட்டியல் வைத்து, அந்த நாள்களை மட்டும் தேதி பார்க்காமல் பண்டிகையோடு பண்டிகையாகச் சேர்க்க வேண்டும்.

அடுத்து, உங்கள் ரிப்போர்ட் "போன வருடம் இதே தேதி" என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று திறந்து பாருங்கள். A2-இல் 2024 பிப்ரவரி 29 இருந்தால், இந்த இரண்டு ஃபார்முலாவும் இரண்டு விடை தரும்:

```
=EDATE(A2,-12)                           → 28-02-2023
=DATE(YEAR(A2)-1,MONTH(A2),DAY(A2))      → 01-03-2023
```

முதலாவதில் பிப்ரவரி 28, 29 இரண்டும் போன வருடத்தின் ஒரே நாளோடு சேரும், அந்த நாள் விற்பனை இரண்டு முறை கூட்டப்படும். இரண்டாவதில் மார்ச் 1 பிப்ரவரிக்குள் நுழைந்துவிடும். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. 2025 பிப்ரவரி 28-இலிருந்து 12 மாதம் பின்னால் போனால் 2024 பிப்ரவரி 28 தான் வரும். மாதத்தின் கடைசி நாளை இப்படிக் கண்டுபிடித்தால், 2024-இன் 29-ஆம் தேதி விற்பனை சத்தமில்லாமல் காணாமல்போகும். உங்கள் மெயிலில் சரிவு காட்டியதால் உங்களிடம் இந்தப் பிழை இல்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் 0 காட்டியிருக்கும், யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

தீர்வு எளிது. மாதத்தின் கடைசி நாளைத் தொடவே வேண்டாம். "பிப்ரவரி 1 அல்லது அதற்குப் பின், ஆனால் மார்ச் 1-க்கு முன்" என்று எல்லையை வையுங்கள். எல்லா மாதத்துக்கும் 1-ஆம் தேதி உண்டு, ஒரு வருடம் பின்னால் போனாலும் அது மாறாது. பில்லிங் டேட்டாபேஸிலிருந்து நேரடியாக எடுத்தால்:

```sql
WHERE bill_date >= DATE '2025-02-01' - INTERVAL '1 year'
  AND bill_date <  DATE '2025-03-01' - INTERVAL '1 year'
```

வார ரிப்போர்ட்டும் அனுப்புகிறீர்கள் என்றால் வார எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். ஐஎஸ்ஓ முறைப்படி 2026-க்கு 53 வாரம். 2025-இல் 53-ஆவது வாரமே இல்லை, அந்த வரி வெறுமையாக வரும். அதற்கடுத்து 2027-இன் 1-ஆவது வாரம் ஜனவரி 4-இல் தொடங்கும். அது சேர்வது 2025 டிசம்பர் 29-இல் தொடங்கிய வாரத்தோடு. ஒரு பக்கம் புத்தாண்டு இருக்கும், மறு பக்கம் இருக்காது. இங்கேதான் 364 சரியாக வேலை செய்யும்.

மாற்றி அமைத்த பிறகு அடுத்த லீப் வருடம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட் TODAY() என்று கணினியின் தேதியை எடுப்பதாக இருந்தால், அதற்குப் பதிலாக ஒரு கட்டத்தில் நீங்கள் தட்டும் தேதியை எடுக்கும்படி மாற்றுங்கள். பிறகு மேலே நான் வைத்த 1, 1.5, 2 லட்சம் என்ற பொய்க் கணக்கை 2023 முதல் 2028 வரை எல்லா நாளுக்கும் நிரப்பிவிட்டு 2024 மார்ச் 1, 2024 ஏப்ரல் 1, 2025 மார்ச் 1, 2028 மார்ச் 1 என்று தேதியை மாற்றி ஓட்டுங்கள். 2028 பிப்ரவரியில் கூடுதல் நாள் செவ்வாய், ஆகவே மொத்தம் 2.9 சதவீதம் உயர்ந்து காட்டும், நாள்காட்டி விளைவும் 2.9 என்றே வரும். மீதி வரி நான்கு தேதியிலும் 0 ஆக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் 0 வரவில்லை என்றால் முதலில் EDATE இருக்கும் கட்டங்களைத் தேடுங்கள்.