அவுட் ஆஃப் ஆபீஸ் பதில்: நீங்கள் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், லீவில் போகும்போது போட்டுவிட்டுப் போகும் தானியங்கி பதிலைப் பற்றியவை. பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

"14 வரை விடுப்பு" என்று தெளிவாகத்தான் எழுதினேன். 14-ஆம் தேதி காலை ஒன்பதரைக்கே இரண்டு பேர் "ஏன் இன்னும் பதில் இல்லை?" என்று கேட்டுவிட்டார்கள். என் மேல் என்ன தப்பு?

"வரை" என்ற சொல்தான் தப்பு. 14 அதில் சேருமா, சேராதா? உங்கள் மனதில் அது கடைசி லீவு நாள். படித்தவருக்கோ நீங்கள் சீட்டில் இருக்கும் நாள். லீவு எப்போது முடிகிறது என்பது உங்கள் கணக்கு. மெயில் போட்டவருக்கு வேண்டியது நீங்கள் வரும் நாள். "மே 15, வெள்ளிக்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன்" என்று எழுதியிருந்தால் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள்.

கிழமையை விடாதீர்கள். தேதியைத் தப்பாகத் தட்டிவிட்டாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 5/6 என்று போட்டால் ஒருவர் ஜூன் 5 என்று படிப்பார், இன்னொருவர் மே 6 என்று படிப்பார்.

இன்னொன்று. திரும்பும் நாள் வேறு, பதில் எழுதும் நாள் வேறு. ஒரு வாரம் கழித்து வந்து உட்காரும்போது இருநூறு முன்னூறு மெயில் காத்திருக்கும். அன்றைக்கே எல்லாவற்றுக்கும் பதில் போட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். ஒன்றிரண்டு வேலை நாள் கூட்டி, "திங்கட்கிழமை மாலைக்குள் பதில் எழுதுவேன்" என்று சேர்த்துவிடுங்கள்.

"மெயில் பார்க்கும் வாய்ப்பு குறைவு" என்று எழுதலாமா?

வேண்டாம். அவசரத்தில் இருப்பவர் அதை "பார்ப்பார்" என்றுதான் படிப்பார், படித்துவிட்டு உங்களுக்காகக் காத்திருப்பார். பார்க்க மாட்டீர்கள் என்றால் "மெயில் பார்க்க மாட்டேன்" என்றே எழுதுங்கள், அது மரியாதைக் குறைவில்லை. தினம் ஒருமுறை பார்ப்பீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள், சொன்னபடி பாருங்கள்.

என் அவுட் ஆஃப் ஆபீஸ் வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

எந்த மெயில், யாருக்குப் போகவில்லை, எப்போது போட்டீர்கள் என்று ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் ஊகித்துத்தான் சொல்ல முடியும். அவுட்லுக் என்றால் `Inside My Organization` பக்கத்தை மட்டும் நிரப்பிவிட்டு, `Outside My Organization` பக்கத்தை விட்டிருப்பீர்கள். வெளி ஆட்களுக்குப் பதில் போகாமல் நிர்வாகியே அடைத்து வைத்திருக்கவும் கூடும். ஜிமெயில் என்றால், தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லும் கட்டத்தில் டிக் விழுந்திருக்கும்.

கிளம்புவதற்கு முன் வெளி முகவரி ஒன்றிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் செய்கிறவர்கள் குறைவாகத்தான் இருக்கிறார்கள்.

எப்போதும்போல் பக்கத்து சீட்டுக்காரரை பேக்கப்பாகப் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு சப்ளையரின் பில் அப்படியே கிடக்கிறது. "எனக்கு அதிகாரமே இல்லாத விஷயத்தில் என் பெயரை ஏன் போட்டாய்?" என்று அவர் கோபப்படுகிறார். அவர் மேலிடத்தில் சொல்லியாவது முடித்திருக்க வேண்டாமா?

வேண்டாம். தவறு உங்களுடையது. "எப்போதும்போல்" என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே தெரிகிறது. இந்த லீவுக்கு அவரைக் கேட்கவில்லை, போன முறை எழுதியதை எடுத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒருவரின் பெயரையும் முகவரியையும் உங்கள் பதிலில் போடுவது, அவர் சார்பில் நீங்கள் வாக்குக் கொடுப்பது. கேட்காமல் கொடுக்கக் கூடாது.

எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு பிரிவில் நாங்கள் இரண்டே பேர். நான் லீவு போட்டால் அவர் பெயர், அவர் போட்டால் என் பெயர், அதுதான் வழக்கம். நான் வெள்ளிக்கிழமை கிளம்பினேன். திங்கட்கிழமை அவர் வீட்டில் ஓர் அவசரம். பழைய பதிலை அப்படியே தட்டிவிட்டு அவரும் போய்விட்டார். ஒரு வாடிக்கையாளர் டெண்டரில் ஒரு விளக்கம் கேட்டு எனக்கு எழுதியிருக்கிறார். என் பதில் அவரை என் சக ஊழியரிடம் அனுப்பியது. சக ஊழியருடைய பதில் என்னிடம் திருப்பி அனுப்பியது. மூன்று நாள் அந்த மனிதர் இரண்டு பேருக்கும் மாறி மாறி எழுதியிருக்கிறார். கெடு முடிந்தது. திரும்பி வந்து அந்த மெயில்களை வரிசையாகப் படித்தபோது இருந்த சங்கடம் இன்னும் போகவில்லை. யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. நான் இல்லாத நாட்களில் அவர் நிச்சயம் இருப்பாரா என்று நான் கேட்கவில்லை, கிளம்பும்போது என் பெயர் இருந்த வரியை அவர் மாற்றவில்லை. அவ்வளவுதான்.

அதனால் நான் செய்வதைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன், பேக்கப்பாகப் போடப்போகிறவரிடம் நேரில் கேட்பேன். "நான் இல்லாத ஒவ்வொரு நாளும் நீங்கள் இருப்பீர்களா?" என்று காலண்டரை வைத்துக்கொண்டே கேட்பேன், ஏனென்றால் நடுவில் ஒரு நாள் பயிற்சி வகுப்பு இருப்பது அப்போதுதான் அவருக்கே நினைவு வரும். அடுத்தது அதிகாரம். பில்லை அவர் பாஸ் பண்ண முடியுமா? எந்தத் தொகை வரை? அந்த ஃபோல்டர் அவருக்குத் திறக்குமா? திறக்காவிட்டால் அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போவது இதற்கு வழி இல்லை. கடைசியாக அரைப் பக்கக் குறிப்பு ஒன்று: நான் இல்லாதபோது யார் எழுதக்கூடும், எதைப் பற்றி, அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது.

எல்லாவற்றையும் ஒருவர் தலையிலேயே கட்டவும் தேவையில்லை. உங்கள் விஷயத்தில் பில் ஒருவரிடம், டெலிவரி இன்னொருவரிடம் போயிருக்க வேண்டும். இப்படி எழுதியிருக்கலாம்:

> வணக்கம். நான் விடுப்பில் இருக்கிறேன். ஜூன் 18, வியாழக்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன். அதற்கு முன் மெயில் பார்க்க மாட்டேன். இப்போது வந்த மெயில்களுக்கு ஜூன் 19, வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் எழுதுவேன்.
>
> பில், பணம் வழங்கல்: கணக்குப் பிரிவின் பொது முகவரிக்கு எழுதுங்கள்.
> டெலிவரி தேதி, சரக்கில் குறை: (பெயர், மெயில் முகவரி).
> உங்கள் மெயில் இவர்களுக்குத் தானாகப் போகாது. அவசரமென்றால் மறுபடி அனுப்புங்கள்.

கடைசி வரியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பேக்கப் பெயரைப் பார்த்ததும், தன் மெயில் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் சப்ளையரும் அப்படி நினைத்துத்தான் முதல் சில நாள் சும்மா இருந்திருப்பார்.

லீவை நான்கு நாள் நீட்டினேன். பதிலில் தேதியையும் மாற்றினேன். ஆனாலும் சிலர் பழைய தேதியையே நம்பிக் காத்திருந்தார்கள். ஏன்?

ஏற்கெனவே பதில் வாங்கியவர்களுக்கு அது மறுபடி உடனே போகாது. அவுட்லுக், எக்ஸ்சேஞ்சில் ஒருவருக்கு ஒரு லீவுக்கு ஒருமுறைதான். ஜிமெயிலில் அதே ஆள் திரும்ப எழுதினாலும் நான்கு நாளுக்கு ஒருமுறைதான், ஆனால் நீங்கள் பதிலைத் திருத்தினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். அவுட்லுக்கில் தேதியை மாற்றுவதோடு நிறுத்தாமல் பதிலை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். யார் யாருக்குப் போனது என்ற பட்டியல் அப்போது அழிந்துவிடும்.

எப்படிச் செய்தாலும், திரும்ப எழுதுகிறவருக்குத்தான் புதுத் தேதி தெரியும். எழுதிவிட்டுக் காத்திருப்பவருக்குத் தெரியாது. முக்கியமான நாலைந்து பேருக்கு நீங்களோ பேக்கப்போ ஒரு வரி நேரடியாக எழுதிவிடுவதுதான் சரி.

எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு என் மொழி தெரியாது. பதிலை இரண்டு மொழியில் போடுவது அதிகப்படியா?

இல்லை, அவசியம். 2008-இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகராட்சியில் நடந்ததைக் கேளுங்கள். கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்ற சாலைப் பலகைக்கு வெல்ஷ் மொழிபெயர்ப்பு கேட்டு மெயில் அனுப்பினார்கள். உடனே வெல்ஷில் ஒரு பதில் வந்தது. அதுதான் மொழிபெயர்ப்பு என்று எடுத்துப் பலகையில் அச்சடித்து நட்டுவிட்டார்கள். அதில் இருந்தது: "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியவற்றை அனுப்பவும்."

அந்தப் பதிலில் முதல் வரி மட்டும் ஆங்கிலத்திலும் இருந்திருந்தால் போதும். முழுவதையும் இரண்டு முறை எழுத வேண்டாம். இல்லை என்பது, திரும்பும் தேதி, பேக்கப் முகவரி, இந்த மூன்றும் இரண்டு மொழியிலும் மேலேயே இருக்கட்டும்.

அரை நாள் வெளியே போனாலும் போட வேண்டுமா?

வேண்டாம். ஒரு முழு வேலை நாள் பதில் வராது என்றால் போடுங்கள். சில மணி நேரத்தில் பதில் எதிர்பார்க்கும் வேலையில் இருந்தால் மட்டும் அரை நாளுக்கும் போடலாம்.

குடும்பத்தோடு எங்கே போகிறேன் என்பதையும் சொந்த மொபைல் நம்பரையும் போடுவது என் வழக்கம். தோழி ஆபத்து என்கிறார். உண்மையா?

உண்மை. அந்தப் பதில் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் போவதில்லை. உங்கள் முகவரியை எங்கிருந்தோ எடுத்து எழுதும் எவருக்கும் போகும். வீட்டில் ஆள் இல்லாத நாட்கள், மொபைல் நம்பர், பேக்கப் பெயர், மேலாளர் பெயர் எல்லாம் ஒரே மெயிலில் கிடைத்தால், உங்கள் பெயரில் பேக்கப்புக்கு எழுதி "இந்தப் பணத்தை உடனே அனுப்பு" என்று கேட்க வேறென்ன வேண்டும்?

அவுட்லுக்கில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பதில் எழுத இடம் கொடுத்திருப்பது இதற்காகவும்தான். மேலே நான் கொடுத்த மாதிரியில் தனி ஆளின் பெயர் உள்ளே போகும் பதிலில் இருக்கட்டும். வெளியே போவதில் திரும்பும் தேதியும் பிரிவின் பொது முகவரியும் போதும். ஜிமெயிலில் அந்த வசதி இல்லாமல் ஒரே பதில்தான் எழுத முடிகிறது என்றால், வெளியாட்களுக்கு எழுதுவதாக நினைத்தே எழுதுங்கள். அந்த மொபைல் நம்பரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.