வெளிநாட்டிலிருந்து வீடு கட்டுகிறவர்கள்: தளம் போடும் முன் எந்தப் படத்தைக் கேட்பது?

கும்பகோணம் பகுதியில் நெடுங்காலமாக வீடு கட்டும் பணிகளை மேற்பார்வையிடும் பொறியாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

தோஹாவிலிருந்து வலங்கைமான்காரர்: அடுத்த வாரம் மாடித்தளம். கம்பி கட்டி முடித்த படம் தேதியுடன் வந்துவிட்டது. கான்ட்ராக்டர் தவணை கேட்கிறார், அனுப்பலாமா சார்? முன்பக்கம் நாலடி பால்கனியும் உண்டு.

இப்போது வேண்டாம். நீங்கள் அனுப்பிய படம் மேலிருந்து எடுத்தது. கம்பிகளின் இடைவெளி அதில் தெரிகிறது. கம்பி எந்த உயரத்தில் நிற்கிறது என்பது தெரியவில்லை. உங்கள் பால்கனிக்கு அதுதான் முக்கியம்.

அறைக்கு மேலிருக்கும் தளம் நடுவில் கீழ்நோக்கித் தொய்ய முயலும், அதனால் அங்கே முதன்மைக் கம்பி அடியில் இருக்கும். பால்கனி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பது. அங்கே இழுவிசை மேல்புறத்தில் வருகிறது, எனவே முதன்மைக் கம்பி மேலே இருக்க வேண்டும். கட்டும்போது மேலேதான் கட்டுவார்கள். காங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன்மேல் நடப்பார்கள், கம்பி அடியில் போய்ப் படுத்துவிடும். மறுநாள் பார்த்தால் தளம் வழவழவென்று அழகாக இருக்கும். முட்டுகளை எடுத்த பிறகு சுவரை ஒட்டி மேல்புறத்தில் விரிசல் ஓடும்.

ஆகவே சுவர் விளிம்பில் டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி, பலகையிலிருந்து மேல்கம்பி வரை பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து அங்குலத் தளமானால் ஏறக்குறைய நான்கு அங்குலம் காட்ட வேண்டும். கம்பியைத் தாங்கும் சேர் கம்பிகளும் அதில் தெரிய வேண்டும். உங்கள் பொறியாளர் இதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகு தவணையில் ஒரு பகுதியை அனுப்புங்கள். காங்கிரீட் முடிந்ததும் ஒரு பகுதி, முட்டுகளை எடுத்துப் பார்த்த பிறகு மீதி. கொட்டி முடிகிற வரை பொறியாளர் அங்கேயே நிற்பதாகவும் பேசிக்கொள்ளுங்கள். காலையில் கையெழுத்திட்டுவிட்டுப் போனால், மதியம் மிதிபட்ட கம்பியை யார் தூக்கிவிடுவது?

சிங்கப்பூர் வாசகர்: தேதியும் இடமும் படத்திலேயே பதியும் செயலி இருக்கிறதே. அதை ஏமாற்ற முடியாது. அதுவே போதாதா?

வைத்துக்கொள்ளுங்கள், பயன் உண்டு. ஆனால் கைபேசியின் தேதியை மாற்றலாம், படத்தின்மேல் எழுத்தையும் ஒட்டலாம். தேதி உண்மையாகவே இருந்தாலும் அது எந்தத் தூண் என்று சொல்லாது. ஒரே தூணை நான்கு கோணத்தில் எடுத்து நான்கு தூண் என்று அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். சிலேட்டில் தூண் எண்ணை எழுதிப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

மஸ்கட்டிலிருந்து ஒருவர்: எங்கள் பெரியப்பா தினமும் போய் நிற்கிறார். பொறியாளருக்குத் தனியாக ஏன் தண்டம் அழ வேண்டும்?

பெரியப்பா மேஸ்திரியாக இருந்தவரா? இல்லையென்றால் "எல்லாம் நல்லா நடக்குது தம்பி" என்ற செய்திதான் உங்களுக்கு வரும்.

மன்னார்குடி வாசகி: அப்படி ஒரேயடியாகத் தள்ளாதீர்கள் ஐயா. எங்கள் வீட்டில் சிமெண்ட் மூட்டை குறைவதைக் கண்டுபிடித்தது என் மாமனார்தான். பொறியாளர் கவனிக்கவே இல்லை.

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. மூட்டை எண்ணுவதற்கு வீட்டுப் பெரியவரைவிடச் சிறந்த ஆள் இல்லை. 1000 சதுர அடி, ஐந்து அங்குலத் தளம் என்றால் பீம் நீங்கலாகச் சுமார் 12 கன மீட்டர் காங்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை அளவில் பிடிக்கும், ஆக 95 மூட்டைக்கு அருகில் வர வேண்டும். காலிச் சாக்குகளை மாலையில் எண்ணட்டும், கணக்கில் பெரிய இடைவெளி இருந்தால் கேட்கட்டும். கம்பியின் உயரம் மட்டும் அவர் பொறுப்பில் வேண்டாம்.

மீண்டும் மஸ்கட்: கான்ட்ராக்டரே ஒரு பொறியாளரை இலவசமாகத் தருகிறாராம்.

அவர் கான்ட்ராக்டரின் ஆள். உங்கள் பணத்தில் வருகிறவர்தான் உங்களுக்காகக் கொட்டுவதை நிறுத்தச் சொல்வார்.

மன்னார்குடி வாசகி: பணம் கொடுத்து வைத்தவரே கான்ட்ராக்டரோடு டீ குடித்துச் சிரித்ததையும் பார்த்தோமே.

அதற்கு என்னிடம் மருந்தில்லை.

கோலாலம்பூர் வாசகர்: தவணையை எப்படிப் பிரிப்பது?

மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

துபாயிலிருந்து: பழைய வீட்டு மாடியில் மழைநீர் கசிகிறது. படம் அனுப்பவா?

அது வேறு வேலை. நீர்க்கசிவு பார்ப்பவரை அழைத்துவாருங்கள்.

லண்டனிலிருந்து: ஐப்பசியில் தளம் போடலாமா? வாஸ்துப்படி நாள் குறித்தாகிவிட்டது.

வாஸ்து எனக்குத் தெரியாது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். கொட்டும்போது பெருமழை பிடித்தால் மேல்புறத்துச் சிமெண்ட் கழுவிப் போகும். தார்ப்பாய் தயாராக இல்லாமல் தொடங்கக்கூடாது. முட்டுகளை எடுப்பதில்தான் அவசரப்படுவார்கள். ஐ.எஸ். 456 நெறிமுறைப்படி 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்திற்கு ஏழு நாள், அதற்கு மேல் 14 நாள். அது சாதாரண சிமெண்டுக்கான கணக்கு. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் மெல்ல இறுகும், கூடுதல் நாள் விடுங்கள். பலகை வாடகை ஏறுகிறது என்று கான்ட்ராக்டர் முறையிட்டால், அந்த வாடகையை நீங்களே கொடுத்துவிடுங்கள்.