பெருமை பேசும் நண்பருக்கு எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் செய்கிறேன். பக்கத்து வயல்காரர் என்னோடு பள்ளியில் படித்தவர், ஆபத்து என்றால் முதல் ஆளாக ஓடி வருபவர். ஆனால் வாயைத் திறந்தால் தன் மகசூல், தன் டிராக்டர், சிங்கப்பூரில் இருக்கும் தன் மகன் என்று பெருமைதான். தலையாட்டினால் பேச்சு நீள்கிறது. பேசாமல் இருந்தால் குரலை உயர்த்துகிறார். வீட்டுக்கு வந்தபின் நான் எதற்கும் லாயக்கில்லாதவன் போலத் தோன்றுகிறது. நட்பும் கெடாமல், அவருடைய பெருமைக்குத் தீனியும் போடாமல் இருக்க வழி உண்டா?

பதில்: உங்கள் மனம் சுருங்குவதற்கான காரணத்தை முதலில் பார்ப்போம், அது பிடிபட்டால் அவருக்குப் பதில் சொல்வது எளிதாகும். நெருக்கமான ஒருவருடைய வெற்றி எப்போது நம்மைச் சிறுமைப்படுத்துகிறது என்பதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் டெஸ்ஸர், இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும் என்று 1980களில் விளக்கினார். அந்த மனிதர் நமக்கு நெருக்கமானவராக இருக்க வேண்டும். அவர் வென்ற துறை நாம் நம்மை அளந்துகொள்ளும் துறையாகவும் இருக்க வேண்டும். சென்னையில் யாரோ ஒருவர் நான்கு கடை திறந்தார் என்றால் உங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே வாய்க்கால் தண்ணீரில், அதே ரகத்தை, அதே வாரத்தில் நட்ட பள்ளித் தோழர் ஒரு மா நிலத்துக்கு 12 மூட்டை நெல் கண்டேன் என்று சொன்னால், அதுவரை உங்களுக்கு நிறைவாக இருந்த 10 மூட்டை அந்தக் கணமே குறைந்துபோகிறது.

ஆகவே அவர் பேசும் எல்லாப் பெருமையும் உங்களை ஒரே அளவில் தாக்காது. மகசூல், டிராக்டர், மகன் ஆகிய மூன்றில் எதைக் கேட்ட நாளில் இரவு தூக்கம் வரவில்லை என்று இரண்டு மூன்று வாரம் கவனித்துப் பாருங்கள். அது மகசூலாக இருந்தால், சென்ற குறுவையில் நாற்று, உழவு, நடவுக் கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக உங்கள் கையில் மாவுக்கு எவ்வளவு நின்றது என்பதையும், அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் மூட்டைக் கணக்கைச் சொல்கிறார், செலவைச் சொல்வதில்லை. அரைகுறையான அந்த எண்ணோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்வதை நிறுத்த உங்களுக்கென்று ஒரு முழுக்கணக்கு வேண்டும். அந்த நோட்டை அவரிடம் காட்டவோ, அதை வைத்து வாதாடவோ கூடாது. அது உங்களுக்கு மட்டுமானது.

இனி அவருடைய பக்கம். தற்பெருமை பேசுகிறவர்கள் கேட்பவருடைய மகிழ்ச்சியை மிகையாகவும், எரிச்சலைக் குறைவாகவும் மதிப்பிடுகிறார்கள் என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்களைப் புண்படுத்த வேண்டும் என்று நினைத்து அவர் பேசுகிறார் என்பதைவிட, நீங்களும் சேர்ந்து மகிழ்கிறீர்கள் என்று நம்பிப் பேசுகிறார் என்பதற்கே வாய்ப்பு அதிகம். நீங்கள் தலையாட்டும்போது அது அவருக்கு உறுதியாகிறது. பேசாமல் இருக்கும்போது சொன்னது சரியாகப் போய்ச் சேரவில்லை என்று எண்ணிக் குரலை உயர்த்துகிறார். எனவே தலையாட்டலும் மௌனமும் இல்லாத மூன்றாவது பதில் ஒன்று உங்களுக்குத் தேவை.

அதற்கு முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தியை அவர் முதல் முறை சொல்லும்போது அது நற்செய்தி. மகனுக்கு வேலை உயர்ந்தது என்றால் மனதார வாழ்த்துங்கள். அதில் கஞ்சத்தனம் காட்டினால் நட்புதான் தேயும். அதே செய்தி இரண்டாவது, மூன்றாவது முறை வரும்போதுதான் கீழே சொல்லும் முறை.

டீக்கடையில் அவர், “இந்தத் தடவையும் மாவுக்குப் பன்னெண்டு மூட்டைப்பா, இந்த வட்டாரத்துல எவனுக்கும் வரல” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “அப்படியா! மொத்தம் எத்தனை மூட்டை? என்ன விலைக்குப் போச்சு?” என்று கேட்டால், அளவைக் கேட்கும் அந்தக் கேள்விகள் பெருமையை இன்னும் ஊட்டி வளர்க்கும். அளவை விட்டுவிட்டு, செய்த விதத்தைக் கேளுங்கள்: “நாத்தை எத்தனை நாள்ல பறிச்ச? இலைச்சுருட்டுப் புழு இந்தத் தடவை எனக்குக் கொஞ்சம் இருந்துச்சு, நீ என்ன பண்ணின?” இப்போது அவருக்குத் தன் உழைப்பு மதிக்கப்பட்ட நிறைவு கிடைக்கிறது, உங்களுக்குப் பயன்படும் செய்தி கிடைக்கிறது, யார் பெரியவர் என்ற பேச்சு பயிரைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது. அவர் மறுபடி மூட்டைக்கே திரும்பினால், “நல்ல விளைச்சல்தான்ப்பா” என்று சாதாரணக் குரலில் ஒரே முறை ஒப்புக்கொண்டு, உடனே உங்கள் இருவருக்கும் பொதுவான ஒன்றுக்குப் போய்விடுங்கள்: “கொள்முதல் நிலையத்துல சாக்கு வந்திருச்சா, ஈரப்பதம் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்களா?”

மகனுடைய சம்பளத்தைப் பற்றிய பேச்சில் செய்முறை எதுவும் இல்லை. அங்கே அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள்: “சாப்பாட்டுக்கு என்ன பண்றான்? பொங்கலுக்கு வருவானா?” வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் தகப்பன்மார் பலரிடம் நான் கண்டது இது: சம்பளத்தைப் பற்றிய பேச்சுக்கு அடியில் பிரிவு இருக்கும். அதைத் தொடும் கேள்வி வந்ததும் பேச்சின் தொனியே மாறிவிடும்.

இதனினும் முக்கியமாக நான் கருதுவது, அவர் பெருமை பேசாத நேரத்தில் நீங்களாகப் போய்க் கொடுக்கும் கவனம். தன்னைப் பற்றிப் பேசினால்தான் மதிப்பு கிடைக்கும் என்று பழகியவருக்கு, பேசாமலே மதிப்பு வந்துசேர்ந்தால் அந்தத் தேவை மெல்லக் குறையும். ஆபத்தில் முதல் ஆளாக வருபவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? காலையில் வரப்பில் பார்க்கும்போது, அவர் வந்து உதவிய ஒரு குறிப்பிட்ட நாளை நினைவுபடுத்தி நன்றி சொல்லுங்கள். பொதுவாக “நீ பெரிய ஆளுப்பா” என்று புகழாதீர்கள். அது பழைய வழிக்கே இட்டுச் செல்லும்.

இம்முறையைத் தொடங்கியதும் சில நாட்களுக்குப் பெருமை கூடலாம். வழக்கமாகக் கிடைத்துவந்த பலன் நின்றால், பழைய நடத்தை அடங்குவதற்கு முன் சில சமயம் ஒருமுறை பெருகிப் பார்க்கும் என்பது நடத்தை உளவியலில் நன்கறிந்த செய்தி. பலரும் இந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்து வியந்து பாராட்டிவிடுகிறார்கள். விட்டுவிட்டுக் கிடைக்கும் பாராட்டு அந்தப் பழக்கத்தை முன்னைவிடக் கெட்டியாக்கும். டீக்கடைக் கூட்டத்தில் மற்றவர்கள் உசுப்பேற்றுவதால் அங்கே மாற்றம் மெதுவாகத்தான் வரும். இருவரும் தனியாக இருக்கும்போது அதே கதை வருவது குறைந்திருக்கிறதா, உங்கள் வயலைப் பற்றி அவராகக் கேட்கிறாரா என்பவற்றை வைத்து அளந்து பாருங்கள். உங்கள் பெருமையைப் பதிலுக்கு எடுத்துவிடுவதும், அவர் சொன்ன கணக்கில் பிழை காட்டுவதும், குத்திப் பேசுவதும் போட்டியைத்தான் வளர்க்கும்.

தன்னை உயர்த்திப் பேசுவதோடு நிற்காமல் உங்களைத் தாழ்த்தத் தொடங்கினால் இந்த முறை போதாது. அப்போது பிறர் இல்லாத இடத்தில், “உன் விளைச்சலைப் பத்தி எவ்வளவு வேணா சொல்லு, கேக்குறேன்; நாலு பேருக்கு முன்னாடி என்னோடத சேத்துப் பேசாத” என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

மேலே சொன்னவை நெடுநாள் சுபாவமாகப் பெருமை பேசுகிறவருக்கு உரியவை. அடக்கமாக இருந்த ஒருவர் திடீரெனச் சில நாட்களிலேயே அளவுக்கு மீறிப் பெருமை பேசி, தூக்கம் குறைந்தும் களைப்பின்றி, கைமீறிச் செலவு செய்து, பெரிய பெரிய திட்டங்களை ஓயாமல் பேசினால் அது மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்நிலையில் அவர் வீட்டாரிடம் சொல்லி, திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தாமதமின்றி அழைத்துச் செல்ல வேண்டும்.