அக்ட், அக்ஷன், அக்டிவ்: கீறிட்ட இடத்துக்கு எது?

"என் மகள் 10ஆம் தரம் படிக்கிறாள், சேர். அக்ட், அக்ஷன், அக்டிவ், அக்டர், அக்டிவேட் எல்லாவற்றுக்கும் கருத்துக் கேட்டால் சரியாகச் சொல்கிறாள். கீறிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் மட்டும் மாற்றி மாற்றிப் போடுகிறாள். எப்படிப் பழக்குவது?"
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

தங்கச்சி, மகள் தமிழ் பேசும்போது இந்தச் சொற்களை எப்படிச் சொல்கிறாள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். "சிம்மை அக்டிவேட் பண்ணணும்", "அக்ஷன் எடுக்கணும்", "சும்மா அக்ட் பண்ணாத". நாம் எல்லாருமே இப்படித்தான் பேசுகிறோம். இதில் வினையின் வேலையைப் பண்ணு, எடு என்ற தமிழ்ச் சொற்கள் செய்துவிடுகின்றன. முன்னால் நிற்கும் ஆங்கிலச் சொல் பெயரா வினையா என்று யாரும் பார்ப்பதில்லை. "அக்டிங் பண்ணாத" என்றாலும் விளங்கிவிடும். ஆங்கில வசனத்தில் இப்படித் தாங்கிப் பிடிக்க ஒரு 'பண்ணு' கிடையாது. அங்கே சொல்லின் வால்தான் அதன் வேலையைக் காட்ட வேண்டும்.

வால் தமிழுக்கும் புதிதல்ல. ஆடு வினை, ஆட்டம் பெயர், ஆட்டக்காரர் ஆள். கூத்துக் களரியில் ஒருவரைக் காட்டி "இவர் நல்ல ஆடு" என்று சொல்லிப் பாருங்கள், அண்ணாவியார் என்ன செய்வார் என்று தெரியும்! மகளுக்கு இதிலிருந்தே தொடங்குங்கள்.

அப்புறம், கருத்தைப் பார்க்குமுன் இடத்தைப் பார்க்கப் பழக்குங்கள். 'ஷீ இஸ் அன் ____ மெம்பர்' என்று வருகிறது. பின்னால் மெம்பர் என்ற பெயர் நிற்கிறது, அதை வர்ணிக்க ஒரு சொல் வேண்டும். ஆகவே பெயரடையான அக்டிவ். 'தி ____ டான்ஸ்ட் வெல்' என்றால் முன்னால் 'தி', பின்னால் வினை, இடம் பெயருக்குரியது. பெயர்கள் இரண்டு இருக்கின்றனவே, அக்ஷனா அக்டரா? ஆடியது ஆள், எனவே அக்டர். கருத்து உதவிக்கு வருவது இந்த இரண்டாம் படியில்தான். மகள் முதலிலேயே கருத்தைத் தேடுவதால்தான் தடுமாறுகிறாள்.

'யூ மஸ்ட் ____ தி சிம்' கொஞ்சம் சிக்கலானது. மஸ்டுக்குப் பின்னால் வினைதான் வரும். ஆனால் அக்ட், அக்டிவேட் இரண்டும் வினைகள். அக்ட் என்றால் தான் செயற்படுவது. அக்டிவேட் என்றால் இன்னொன்றைச் செயற்பட வைப்பது. தமிழில் இயங்கு, இயக்கு போல. பின்னால் சிம் என்ற செயப்படுபொருள் நிற்பதால் இங்கே அக்டிவேட். வினை எப்படி நடந்தது என்று சொல்லும் இடமானால், 'தே வேர்க்ட் ____' போல, எல்.வை. சேர்த்து அக்டிவ்லி.

இனி ஒரு எச்சரிக்கை. அக்டின் சொற்குடும்பம் நன்றாக அமைந்துவிட்டதால், பிள்ளைகள் எல்லா வேர்ச்சொல்லுக்கும் இதே வால்களை ஒட்டப் பார்ப்பார்கள். கலெக்ட் என்ற சொல்லுக்குக் கலெக்ஷன், கலெக்டிவ், கலெக்டர் எல்லாம் உண்டு; கலெக்டிவேட் கிடையாது. பெர்ஃபோர்ம் பெயராகும்போது பெர்ஃபோர்மன்ஸ்தான், பெர்ஃபோர்மேஷன் அல்ல. ஆளைக் குறிக்கும் வாலும் ஒரே மாதிரி இல்லை. அக்டர், கலெக்டர், இன்ஸ்பெக்டர் போல சி.டி.யில் முடியும் வினைகள் பெரும்பாலும் ஓ.ஆர். எடுக்கும், டீச்சர், வேர்க்கர் ஈ.ஆர். எடுக்கும். காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும், எழுதும்போதுதான் புள்ளி போகும்.

குடும்பத்தில் திசைமாறிப் போன பிள்ளைகளும் உண்டு. அக்சுவலி இதே வேரில் பிறந்ததுதான், ஆனால் சுறுசுறுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'உண்மையில்' என்று கருத்து. பாடசாலையில் 'அக்டிங் பிரின்சிப்பல்' என்றால் நடிக்கும் அதிபர் அல்ல, பதில் அதிபர். அக்ட் என்பதே பெயராகவும் வரும், பாராளுமன்றச் சட்டத்துக்கும் நாடகத்தின் அங்கத்துக்கும். ஆகவே வால் இல்லாத சொல் எல்லாம் வினை என்று மகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

பழக்கும்போது சொற்பட்டியலைப் பாடமாக்க விடாதீர்கள். அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஒரு வேர்ச்சொல் போதும். அதற்கு வால் ஒட்டிவரும் சொற்களை எழுதி, அவை அகராதியில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் எழுதட்டும். மறுநாள் அந்தச் சொற்களை மட்டும் காகிதத்துண்டால் மறைத்து, "இதில் எது வரும்?" என்று கேட்காமல், "இந்த இடம் பெயருக்கா, வினைக்கா?" என்று கேளுங்கள்.