லாரி நிரம்புகிறது, சரக்கு தீர்ந்துபோகிறது

“ஒரே சப்ளையரிடம் மூன்று பொருள் வாங்குகிறேன். ஒன்று தீரும்போது ஆர்டர் போட்டு, மீதி இடத்தை மற்ற இரண்டால் சமமாக நிரப்புகிறேன். ஆனாலும் சீக்கிரமே அடுத்த லாரி கூப்பிட வேண்டியிருக்கிறது. ஏன்?”

சமமாகப் பிரிப்பதுதான் கோளாறு. கிலோவைப் பிரிக்காதீர்கள், நாளைப் பிரியுங்கள். மூன்றும் ஒரே நாளில் தீரும்படி ஏற்ற வேண்டும்.

உதாரணமாக, தினசரி செலவு 200, 100, 50 கிலோ. கையிருப்பு 1,200, 2,000, 1,800 கிலோ. லாரி கொள்ளளவு 9,000 கிலோ. சரக்கு வர 4 நாள் என்று வையுங்கள். மொத்த இருப்பும் லாரியும் சேர்த்து 14,000 கிலோ. அதைத் தினசரி மொத்தச் செலவான 350-ஆல் வகுத்தால் 40 நாள். ஒவ்வொன்றின் 40 நாள் தேவையில் இருப்பைக் கழித்தால் ஏற்ற வேண்டியது 6,800, 2,000, 200 கிலோ.

அந்த 200 கிலோவைப் பார்த்ததும் ‘இதை அடுத்த முறை பார்க்கலாம்’ என்று தோன்றும். நானும் அப்படி விட்டு மாட்டியிருக்கிறேன். முதல் பொருள் மறுபடி 1,200 கிலோவுக்கு, அதாவது 6 நாள் இருப்புக்கு இறங்கி, நீங்கள் அடுத்த ஆர்டர் போடுவது 34-ஆம் நாள். லாரி வருவது 38-இல். மூன்றாவதோ 36-ஆம் நாளே காலி.

ஏதாவது ஒரு பொருளுக்குக் கழித்தபின் மைனஸ் வந்தால், அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் மறுபடி வகுங்கள். அப்புறம், எடைக்கு முன் இடம் நிறைகிற சரக்கென்றால் கிலோவுக்குப் பதில் கன அளவில் போடுங்கள். 40 நாள் வைத்தால் கெட்டுப்போகும் என்றால் அந்த லாரியே உங்களுக்குப் பெரிது.