ஓடிபி வேறு, பின் வேறு

"எனக்கு வயது 63. போன மாதம்தான் மகன் இந்த ஃபோனை வாங்கிக் கொடுத்தான். யூசர்நேம், பாஸ்வேர்ட், ஓடிபி, பின் எல்லாம் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது. நேற்று பணம் அனுப்பும்போது, முந்தாநாள் மெசேஜில் வந்த ஆறு எண்ணைப் போட்டேன். மூன்று முறையும் தவறு என்று சொல்லி நின்றுவிட்டது. ஃபோன் கடைத் தம்பி 'எல்லாத்தையும் என்கிட்ட விடுங்கம்மா' என்கிறார். விடலாமா?"

விடாதீர்கள், அம்மா. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

யூசர்நேம் என்பது உங்கள் பாஸ்புக்கில் இருக்கும் கணக்கு எண்ணைப் போல. இது யாருடைய கணக்கு என்று காட்டும், அவ்வளவுதான். பாஸ்வேர்ட் அந்தக் கணக்கைத் திறக்க நீங்களே வைத்த சாவி. அதில் எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். இந்த இரண்டிலும் பெரிய குழப்பம் வராது. உங்களைச் சிக்க வைத்தது மற்ற இரண்டும்தான். இரண்டுமே வெறும் எண்கள், சில சமயம் இரண்டுமே ஆறு இலக்கம்.

இதற்கு ஒரே கேள்வி போதும்: இந்த எண் எங்கிருந்து வந்தது? மெசேஜில் வந்தால் ஓடிபி. அதை வங்கி அனுப்புகிறது, சில நிமிடங்களில் செத்துவிடும், ஒரு வேலைக்கு மட்டும்தான் செல்லும். முந்தாநாள் வந்தது நேற்றைக்குள் செத்திருக்கும்; அதோடு, பணம் அனுப்பும்போது கேட்டது ஓடிபியே அல்ல, பின் எண். பின் எண்ணோ நீங்களே மனதில் வைத்துக்கொண்டது. ஃபோன் வழியாகப் பணம் அனுப்பும் யூபிஐயில் கேட்பது இதைத்தான். யூபிஐ பின் ஒருநாளும் மெசேஜில் வராது. நீங்கள் மாற்றும்வரை அதே எண்தான்.

நீங்கள் எங்கே தடுமாறியிருப்பீர்கள் என்றும் ஊகிக்க முடிகிறது. முதன்முதலில் யூபிஐ அமைக்கும்போது ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு எண்ணையும் அது காலாவதியாகும் மாதம், வருடத்தையும் கேட்கும். பிறகு வரும் திரையில் மேலே "ENTER OTP", கீழே "SET UPI PIN". சில வங்கிகள் நடுவில் ஏடிஎம் பின்னையும் கேட்கும். முதல்முறை ஃபோன் பிடிப்பவரிடம் மூன்று விதமான எண்களை ஒரே திரையில், அதுவும் ஆங்கிலத்தில் கேட்டால் யாருக்குத்தான் குழம்பாது? இதை வடிவமைத்தவர்கள் ஒரு நாள் வங்கிக் கிளையில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேல் கட்டத்தில் மெசேஜில் வந்த எண். கீழ்க் கட்டத்தில் நீங்கள் புதிதாக யோசித்த எண். அந்தப் புதிய எண்தான் இனி ஒவ்வொரு முறை பணம் அனுப்பவும் வேண்டும்.

சிலர் கீழ்க் கட்டத்திலும் அந்த ஓடிபியையே போட்டுவிடுவார்கள். அப்போது அதுவே பின்னாகிவிடும், மெசேஜ் பெட்டியைத் திறக்கிற எவர் கண்ணிலும் படும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை, செய்திருந்தால் நேற்று பணம் போயிருக்கும். அமைத்தபோது வேறு ஏதோ எண் வைத்து மறந்திருக்கிறீர்கள். ஏடிஎம் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆப்பில் "Forgot UPI PIN" என்று இருப்பதைத் தொட்டு, மேலே சொன்னபடி புதிதாக வையுங்கள்.

ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டிருப்பீர்கள். அதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் ஒரு எண் கேட்பார், சொல்லத்தான் வேண்டும். ஆப்பில் கூப்பிட்ட ஆட்டோக்காரரும் கேட்பார். ஆனால் சிலிண்டர் உங்கள் வாசலில் இருக்கும், ஆட்டோ உங்கள் முன்னால் நிற்கும். மெசேஜும் டெலிவரி பற்றியோ பயணம் பற்றியோதான் பேசும். வங்கியின் பெயரோ, ரூபாய்க் கணக்கோ அதில் இருந்தால் எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். ஃபோனில் பேசி எண் கேட்பவருக்கு இந்த விலக்கே கிடையாது. "சிலிண்டர் மானியம் வந்திருக்கு, நம்பர் சொல்லுங்க" என்றால் உடனே வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பணம் வருவதற்கு ஓடிபியும் வேண்டாம், பின்னும் வேண்டாம்.

இப்போது கடைத் தம்பி. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடையில் கூட்டம் இருக்கும்போது அவசரத்தில் தன் மொபைல் எண்ணை, பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு எண்ணாக உங்கள் ஜிமெயிலுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு, பாஸ்வேர்டை அட்டைப்பெட்டி மேல் பேனாவால் எழுதித் தருகிறவர்களும் உண்டு. ஒரு பெரியவருடைய ஃபோனில் கடைக்காரரின் ஜிமெயிலே இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரியவர் எடுத்த பேரக்குழந்தைகளின் படங்களெல்லாம் ஆறு மாதமாக அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தன.

மகன் அடுத்த முறை வரும்போது செட்டிங்ஸில் கூகுள் பகுதியைத் திறந்து இரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்: மேலே இருப்பது உங்கள் ஜிமெயில் முகவரிதானா, "Recovery phone" என்ற இடத்தில் இருப்பது உங்கள் அல்லது அவர் எண்தானா. வேறு எண் இருந்தால் அன்றைக்கே அதை நீக்கிவிட்டு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். கணக்கிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் கடைக்குப் போகாதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.